ஒற்றின் மேல் ஓடும் இசை

தமிழில் வல்லின ஒற்றுகள் மிகுதி, சொற்கள் பெரும்பாலும் மெய்யில் முடிகின்றன, ஆகவே கமகத்துக்கு இம்மொழி இடங்கொடாது என்றொரு வாதம் தமிழிசை இயக்கக் காலத்தில் உரக்க ஒலித்தது. குள்ளஞ்சாவடியும் நெய்வேலியும் சிதம்பரமும் ஒருங்கே அடங்கியிருந்த அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில்தான், 1941இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. பின்னாளில் அப்பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமையேற்ற எம்.எம். தண்டபாணி தேசிகர், பாரதிதாசனின் 'துன்பம் நேர்கையில்' பாடலுக்குத் தேஷ் ராகத்தில் மெட்டமைத்தார். 1951இல் வெளிவந்த 'ஓர் இரவு' திரைப்படம் அதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

ராகத் தேர்விலேயே பாதி விடை இருக்கிறது. தோடியின் காந்தாரம் அசைந்தே நிற்கும். அசைவில்லையேல் தோடி இல்லை. தேஷிலோ சுரங்கள் பெரிதும் நேராக நின்று, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்கின்றன. சொல்லுக்கு அங்கே மூச்சுவிட இடமுண்டு.

மீதிப் பாதி எழுத்திலக்கணத்தில் இருக்கிறது. இசையில் உயிர் தன் மாத்திரையைக் கடந்து ஒலிப்பதும் ஒற்று நீள்வதும் உண்டென்று தொல்காப்பியர் நூன்மரபின் இறுதியில் குறிப்பிடுகிறார். நீளக்கூடியது உயிர் மட்டுமன்று, ஒற்றும்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

பாடலின் தலைப்பாய் நிற்கும் இரு சொற்களையே எடுத்துக்கொள்வோம். 'து' குறில். அதன் மேல் அசைவை ஏற்றினால் அது 'தூ' ஆகிவிடும். செவி வேறொரு சொல்லைத் தேடும். ஆகவே அதைத் தொட்டுவிட்டு உடனே 'ன்' மேல் இறங்க வேண்டும். மெல்லினமாதலால் சுரம் அங்கே அறாது தொடரும். 'நே' நெடில், ஜாருவுக்கு உரிய இடம் அதுவே. எனினும் சறுக்கல் தன் இலக்குச் சுரத்தைச் சேர்ந்த பின்னரே 'ர்' ஒலிக்க வேண்டும். நடுவழியில் ஒலித்தால் சொல் இரண்டாக முறியும். 'கை' நெடில்போல் தோன்றினும் சொல்லின் இடையில் ஐகாரம் குறுகும். அதை நீட்டிக் குழைத்தால் 'காயில்' என்றே கேட்கும். ஈற்று 'ல்' இடையினம்; சுரத்தைச் சற்றே தாங்கிப் பின் அடங்கும்.

'பட்டு', 'கற்ற' போல் குறிலை அடுத்து வல்லின ஒற்று வருமிடத்தில் இவ்வழி உதவாது. அங்கே ஒலி அடைபடுகிறது. அந்த மௌனத்தை அப்படியே விட்டு, அடுத்த நெடிலில் அலங்காரத்தைச் செய்வதே முறை.

சோதித்தறியவும் எளிய வழியுண்டு. முதலில் தாளத்தோடு சொற்களைப் பேசிப் பார்க்க வேண்டும். பிறகு அசைவின்றிப் பாட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு கமகமாகச் சேர்க்க வேண்டும். பாடலை முன்னர் கேட்டிராத ஒருவர் கேட்டபடியே எழுதித் தரட்டும். அவர் எந்த எழுத்தைத் தவறவிடுகிறாரோ, அதன் மேலுள்ள கமகம்தான் இடம் மாற வேண்டியது.