தசமப் புள்ளி இல்லாத கால்குலேட்டர்

ப்ளஸ் டூ பிசிக்ஸ் தேர்வில் லாகரிதம் டேபிள் கொடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? 254-க்கு லாக் பார்க்கணும்னா டேபிளில் .4048 மட்டும்தான் கிடைக்கும். அதுக்கு முன்னாடி வர்ற 2-ஐ நாமதான் போடணும். 25.4-க்கும் அதே .4048, முன்னாடி 1. பின்னப் பகுதிக்கு மேன்டிஸா, முழு எண்ணுக்கு கேரக்டரிஸ்டிக்னு பேர் சொல்லிக் கொடுத்தாங்க. நான் அதை மனப்பாடம் செஞ்சேன், மார்க் வாங்கினேன், மறந்துட்டேன்.

அந்த இரண்டு துண்டையும் பற்றித்தான் இன்னைக்கு எபிசோடு. ஏன்னா, முன்னூறு வருஷத்துக்கும் மேலாக உலகத்தில் இருந்த ஒரு கணக்குக் கருவி மேன்டிஸாவை மட்டும் தன்னிடம் வச்சுக்கிட்டு, கேரக்டரிஸ்டிக்கை இன்ஜினியரோட தலையில் விட்டுவிட்டது. அந்தக் கருவிதான் ஸ்லைடு ரூல்.

கதை ஸ்காட்லாந்தில் ஆரம்பிக்குது. எடின்பரோ பக்கத்தில் வாழ்ந்த ஜான் நேப்பியர், 1614-ல் லாகரிதம் அட்டவணையை முதன்முதலில் அச்சிட்டார். அதுக்குப் பின்னால் சுமார் இருபது வருஷ உழைப்பு. அன்றைய வானியலாளர்களுக்கும் கப்பல் வழி கணக்கிடுபவர்களுக்கும் பெரிய தொல்லை, ஏழெட்டு இலக்க எண்களைப் பெருக்குவது. கூட்டல் சுலபம், பெருக்கல் கொடுமை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு துணை எண் இருந்து, மூல எண்களைப் பெருக்குவதற்குப் பதிலாகத் துணை எண்களைக் கூட்டினால் போதும் என்றால்? அந்தத் துணை எண்தான் லாகரிதம்.

லண்டன் கிரெஷம் கல்லூரியின் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ் இதைப் படித்துவிட்டு, 1615-ல் நேப்பியரைப் பார்க்க நேரிலேயே போனார். பத்தை அடிப்படையாக வைக்கலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். நம்ம ப்ளஸ் டூ டேபிள் அந்த முடிவின் வாரிசு. பத்தை அடிப்படையாக வைத்ததால்தான் 2.54, 25.4, 254 எல்லாத்துக்கும் ஒரே மேன்டிஸா.

ஆனால் டேபிளில் ஒரு பெருக்கலுக்கு இரண்டு முறை புரட்டணும், ஒரு முறை கூட்டணும், விடைக்கு மறுபடியும் புரட்டணும். லண்டனில் எட்மண்ட் குன்டர் 1620-ல் ஒரு சுருக்குவழி கண்டுபிடித்தார். எண்ணைப் புரட்டித் தேடுவது எதுக்கு? லாகரிதத்தை நீளமாகவே ஒரு மரச்சட்டத்தில் வரைந்துவிட்டால்? கவராயத்தால் ஒரு நீளத்தை அளந்து, அதை இன்னொரு நீளத்தோடு சேர்த்து வைத்தால் பெருக்கல் முடிஞ்சது. அதன் பிறகு வில்லியம் ஆட்ரெட் என்ற ஆங்கிலப் பாதிரியார், அப்படிப்பட்ட இரண்டு அளவுகோல்களை ஒன்றோடொன்று ஒட்டி நகர்த்தினால் கவராயமே வேண்டாம் என்று காட்டினார். அவருடைய வட்ட வடிவக் கருவியை விளக்கும் புத்தகம் 1632-ல் வந்தது.

இது எப்படி வேலை செய்யுது? ஒரு ஸ்கேலை மனசில் கற்பனை செய்துகொள்ளுங்க. இடது ஓரத்தில் 1, வலது ஓரத்தில் 10. சாதாரண ஸ்கேல் மாதிரி சம இடைவெளி கிடையாது. 2 என்ற கோடு முழு நீளத்தில் 30.1 சதவீதத்தில் இருக்கும், ஏன்னா 2-இன் லாக் 0.301. அதே மாதிரி 3 என்ற கோடு 47.7 சதவீதத்தில். இப்போ இரண்டையும் கூட்டுங்க, 77.8. அந்த இடத்தில் என்ன கோடு இருக்குன்னு பார்த்தால், 6. இரண்டு நீளங்களைத் தலையும் வாலுமாக வைத்தீங்க, 2 × 3 வந்துவிட்டது. வகுத்தலுக்கு நீளத்தைக் கழிக்கணும், அவ்ளோதான்.

4-ஐ 3-ஆல் பெருக்கினால்? 60.2 கூட்டல் 47.7, மொத்தம் 107.9. ஸ்கேல் 100-லேயே முடிஞ்சுடுதே! அப்போ நகரும் பட்டையின் வலது ஓரத்தை 4-இன் மேல் வைப்பாங்க. அதாவது முழு நீளம் 100-ஐக் கழித்துவிடுவாங்க. மிச்சம் 7.9. அங்கே இருக்கும் கோடு 1.2. நமக்கு வேண்டிய விடை 12. அந்த முழு நீளத்தைக் கழித்தது, பத்தால் வகுத்ததுக்குச் சமம். கருவி அதை எங்கேயும் குறித்து வைக்காது. விடை 1.2-ஆ, 12-ஆ, 1200-ஆ என்று அதைக் கேட்டால் பதில் கிடையாது. இலக்கங்கள் மட்டும் அதன் பொறுப்பு. தசமப் புள்ளி உங்க பொறுப்பு.

சரி, இப்படி ஒரு கருவியை நம்பி எப்படிப் பாலம் கட்டினாங்க? ஒரு கணக்கைப் போட்டே பார்த்துடலாம்.

18 மி.மீ. விட்டமுள்ள ஒரு இரும்புக் கம்பி, அதில் 47,000 நியூட்டன் இழுவிசை. கிட்டத்தட்ட 4.8 டன் எடை தொங்குற மாதிரி. கம்பிக்குள் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு விசை?

முதலில் கம்பியின் குறுக்குப் பரப்பு. ஸ்லைடு ரூலின் மேல் ஒரு கண்ணாடித் துண்டு நகரும், அதன் நடுவில் முடி மாதிரி மெல்லிய கோடு. 1850-களில் அமெடி மான்ஹைம் என்ற பிரெஞ்சு பீரங்கிப் படை அதிகாரி கொண்டுவந்த வடிவத்தில் இது நிலையான பாகம் ஆனது. அந்தக் கோட்டைக் கீழ் ஸ்கேலில் 18-இன் மேல் வைத்தால், மேல் ஸ்கேலில் அதன் வர்க்கம் 3-2-4 என்று தெரியும். அதை பை-யில் நாலில் ஒரு பங்கான 0.785-ஆல் பெருக்கினால் 2-5-4. இப்போ தலைக்கணக்கு. இருபதின் வர்க்கம் 400, அப்போ 18-இன் வர்க்கம் 324-ஆகத்தான் இருக்க முடியும். அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே என்றால் 250 பக்கம். ஆக 254 சதுர மி.மீ.

அடுத்து வகுத்தல். கீழ் ஸ்கேலில் 47, அதுக்கு நேர் மேலே நகரும் பட்டையில் 254. பட்டையின் 1 எங்கே நிற்குதோ அதுதான் விடை. அது 1-8-5-இல் நிற்கும். 18.5-ஆ? 185-ஆ? 47,000-ஐ 250-ஆல் மனசில் வகுத்தால் 188. ஆக விடை 185.

இந்தத் தலைக்கணக்கைத் தவறவிட்டால் என்ன ஆகும்? சாதாரணக் கட்டுமான இரும்பு, சதுர மி.மீ.க்குச் சுமார் 250 நியூட்டனில் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும். 18.5 என்று நினைத்தவர், பதிமூன்று மடங்கு பாதுகாப்பு இருக்கு, கம்பியை இன்னும் மெலிசாக்கலாம் என்று முடிவு செய்வார். 185 என்று தெரிந்தவர், ஒன்றரை மடங்குகூட இல்லையே என்று பதறி 22 மி.மீ. கம்பிக்கு மாறுவார். அப்போ விசை 124-ஆக இறங்கி, இரண்டு மடங்கு பாதுகாப்பு கிடைக்கும்.

துல்லியமாகப் போட்டால் முதல் விடை 184.7. ஸ்லைடு ரூல் சொன்னது 185. இந்த வித்தியாசத்தால் எந்த முடிவாவது மாறுமா? மாறாது. கடையில் கம்பி குறிப்பிட்ட அளவுகளில்தான் கிடைக்கும். இரும்பின் வலிமையே ஒரு உருக்குக்கும் அடுத்த உருக்குக்கும் சில சதவீதம் மாறும். வரப்போகும் சுமையோ ஒரு மதிப்பீடுதான். உள்ளே போகும் எண்களே இவ்வளவு தளர்வாக இருக்கும்போது, வெளியே வரும் விடையில் மூணு இலக்கம் தாராளம்.

இன்னொரு அழகான விஷயம். 25 செ.மீ. ஸ்லைடு ரூலில் உங்க கண் 0.1 மி.மீ. பிசகினால், விடையில் தவறு சுமார் 0.1 சதவீதம். ஸ்கேலில் 2-க்குப் பக்கத்தில் படித்தாலும் 9-க்குப் பக்கத்தில் படித்தாலும் அதே சதவீதம். லாகரிதம் ஸ்கேலின் குணமே அதுதான். இன்ஜினியருக்கும் தவறு சதவீதத்தில்தான் முக்கியம்.

அதனால் ஸ்லைடு ரூல் எல்லாம் செய்யும் என்று அர்த்தமில்லை. ரொம்ப சாதாரணமான ஒரு வேலை அதுக்கு வராது: கூட்டல். நீளங்களைக் கூட்டினால் எண்கள் பெருகிடுமே, அப்புறம் எண்களை எப்படிக் கூட்டுவது? கூட்டல் கழித்தலுக்குக் காகிதம்தான். ஆறேழு இலக்கம் வேண்டிய நில அளவைக்கு லாகரிதம் டேபிளுக்கே திரும்பணும்.

1960-களிலேயே மின்னணு கால்குலேட்டர்கள் வந்துவிட்டன. அப்பவும் ஸ்லைடு ரூல் உடனே சாகவில்லை. ஏன்னா, கைக்கு அடக்கமாக வந்த முதல் கால்குலேட்டர்கள் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலோடு நின்றன. சைன், லாக் போன்றவை அதில் இல்லை. ஸ்லைடு ரூலில் இருந்தன.

1972-ல் ஹியூலெட் பேக்கார்டு வெளியிட்ட எச்பி-35 அந்த வேலியை உடைத்தது. சட்டைப் பைக்குள் அடங்கும், சைன், லாக், பத்து இலக்கம், எல்லாம் உண்டு. விலை 395 டாலர். முக்கியமாக, பத்தின் அடுக்கையும் அதுவே காட்டியது. மேன்டிஸாவும் கேரக்டரிஸ்டிக்கும் ஒரே திரையில். 1976-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஐ-30 சுமார் 25 டாலருக்கு வந்தது. அதே வருஷம், அமெரிக்காவின் பெரிய ஸ்லைடு ரூல் நிறுவனங்களில் ஒன்றான கியூஃபல் அண்டு எஸ்ஸர் உற்பத்தியை நிறுத்தியது. நாலே வருஷத்தில் கதை முடிஞ்சது.

ஒரு குட்டிச் சம்பவம். எச்பி-35-இன் ஆரம்பப் பிரதிகளில் ஒரு பக் இருந்தது. 2.02-க்கு நேச்சுரல் லாக் எடுத்து, உடனே அதைத் திருப்பிப் போட்டால் மறுபடியும் 2.02 வரணும். திரையில் வந்ததோ 2. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. பிறகு நிறுவனம் அந்தப் பிரதிகளை மாற்றித் தர முன்வந்தது. சாதாரண 25 செ.மீ. ஸ்லைடு ரூலில் 2-க்கும் 4-க்கும் நடுவில் கோடுகள் 0.02 இடைவெளியில் இருக்கும். அதாவது 2-க்கு அடுத்த முதல் கோடே 2.02. பத்து இலக்க மெஷின் தொலைத்தது, மரச்சட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒரு கோட்டை.

என் கதைக்கு வர்றேன். முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், புது சர்வீஸுக்கு எவ்வளவு ஸ்டோரேஜ் வேணும்னு ஒரு ஷீட் போட்டேன். ஒரு செல்லில் மெகாபைட்டை கிகாபைட்டாக எழுதியிருந்தேன். விடை ஆயிரம் மடங்கு தப்பு, ஆனால் இரண்டு தசம இடத்தோடு அம்சமாக இருந்தது. நானும் அதை அப்படியே மீட்டிங்கில் காட்டினேன். எதிரில் இருந்த சீனியர் ஒருத்தர் பேனாவால் காகித ஓரத்தில் மூணு எண்ணை எழுதிப் பெருக்கிவிட்டு, "தம்பி, இவ்ளோ வராதே" என்றார். அவர் ஸ்லைடு ரூல் தலைமுறை இல்லை. ஆனால் அந்தக் கம்பிக் கணக்கில் 188 என்று மனசில் போட்டோமே, அவர் செய்ததும் அதேதான்.

இந்த வாரம் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏதாவது கணக்குப் போடுவீங்கன்னா, என்டர் தட்டுறதுக்கு முன்னாடி எத்தனை இலக்கத்தில் விடை வரும்னு ஒரு காகிதத்தில் எழுதி வையுங்க. கேரக்டரிஸ்டிக் மட்டும் போதும். மேன்டிஸாவை மெஷின் பார்த்துக்கும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.