மௌனம் சம்மதமா? டங்கல் வரைவும் தோஹாவில் மாறன் கேட்ட இரண்டு வார்த்தைகளும்

எங்கள் குடியிருப்பில் லிஃப்டுக்குப் பக்கத்தில் போன மாதம் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தண்ணீர்க் கட்டணத்தை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, மீட்டர் வைத்துப் பிரிப்பதா என்று ஒரு வருடமாக நடக்கும் சண்டை. கடைசியில் செயலாளர் தானாகவே ஒரு முடிவை எழுதி, "15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை வராவிட்டால் அனைவரும் சம்மதித்ததாகக் கருதப்படும்" என்று கீழே தேதி போட்டுவிட்டார். ஊருக்குப் போயிருந்த பாதிப்பேர் அதைப் பார்க்கவே இல்லை.

படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது டங்கல். 90களின் தொடக்கத்தில் தமிழ்ப் பத்திரிகை படித்தவர்களுக்கு இந்தப் பெயர் மறந்திருக்காது. "டங்கல் திட்டம் ஒழிக" என்று சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்து, டங்கல் என்பது ஏதோ அணைக்கட்டு என்று நினைத்திருந்த நண்பர்கள் எனக்கு உண்டு. ஆர்தர் டங்கல் என்பவர் ஸ்விட்சர்லாந்துக்காரர். காட் என்று நாம் சொல்லும் வர்த்தக உடன்பாட்டு அமைப்பின் தலைமை இயக்குநராக 1980 முதல் 1993 வரை இருந்தவர். நம் செயலாளர் செய்ததைத்தான் அவரும் செய்தார், நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளை வைத்துக்கொண்டு.

கதை 1986 செப்டம்பரில் உருகுவே நாட்டின் புந்தா தெல் எஸ்தே நகரில் தொடங்குகிறது. நான்கே வருடத்தில் முடிப்பதாகச் சொல்லித்தான் உருகுவே சுற்றுப் பேச்சுவார்த்தையை ஆரம்பித்தார்கள். 1990 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் முடிவுக்கூட்டம் கூடியபோது விவசாய மானியத்தில் முட்டிக்கொண்டு, ஒன்றும் ஆகாமல் கலைந்தார்கள்.

இப்படிப்பட்ட பேச்சுவார்த்தைகளில் ஒரு பழக்கம் உண்டு. ஒப்புக்கொள்ளாத வார்த்தைகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பார்கள். ஒரே வரியில் மூன்று நாடுகளின் மூன்று விருப்பங்களும் அடைப்புக்குறிக்குள் வரிசையாக நிற்கும். படிக்கக் கண்றாவியாக இருக்கும், ஆனால் நேர்மையானது. யாருக்கு எங்கே சம்மதமில்லை என்பது காகிதத்திலேயே தெரியும்.

1991 டிசம்பர் 20ஆம் தேதி டங்கல் இந்த அடைப்புக்குறிகளையெல்லாம் எடுத்துவிட்டு, 400 பக்கங்களுக்கு மேல் வரும் ஒரு வரைவை மேஜையில் வைத்தார். நாடுகள் ஒத்துப்போன இடங்களில் அவர்கள் எழுதியதே இருந்தது. ஒத்துப்போகாத இடங்களில் டங்கலும் குழுத் தலைவர்களும் எது நடுநிலை என்று நினைத்தார்களோ அதை எழுதியிருந்தார்கள். பதில் சொல்ல வேண்டிய தேதி 1992 ஜனவரி 13. நடுவில் இருந்தவை 24 நாட்கள், அதில் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் அடக்கம்.

இங்கே கவனிக்க வேண்டியது அவசரத்தை மட்டும் அல்ல. சுமை யார் தலைக்கு மாறியது என்பதைத்தான். டிசம்பர் 19 வரை ஒரு ஷரத்தை உள்ளே கொண்டுவர விரும்பியவர் மற்ற எல்லோரையும் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. டிசம்பர் 20க்குப் பிறகு அதை வெளியே எடுக்க விரும்பியவர் எல்லோரையும் சம்மதிக்க வைக்க வேண்டும். எல்லாம் ஒரே மூட்டை, பொறுக்கி எடுக்க முடியாது. திருத்தம் வேண்டுமானால் எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் இடத்தில் மட்டும் செய்யலாம் என்பது ஜனவரிக் கூட்டத்துக்குப் பிறகு வகுத்த வழிமுறை.

ஜனவரி 13 அன்று என்ன ஆயிற்று? ஐரோப்பியர்கள் விவசாயப் பகுதியை ஏற்க முடியாது என்று உரக்கச் சொன்னார்கள். ஆகவே வரைவு அன்று நிறைவேறவில்லை. ஆனால் யாரும் அதைக் கிழித்துப் போடவும் இல்லை, அது மேஜையிலேயே இருந்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் 1992 நவம்பரில் தங்களுக்குள் பேசி விவசாயப் பகுதியை மாற்றிக்கொண்டன. இந்தியாவைச் சுட்டது காப்புரிமைப் பகுதி. நமது 1970ஆம் வருடத்துச் சட்டப்படி மருந்தின் செய்முறைக்குத்தான் காப்புரிமை, மருந்துக்கே கிடையாது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்து மலிவாக விற்கலாம். டங்கல் வரைவு மருந்துக்கே காப்புரிமை தர வேண்டும் என்றது. அந்தப் பகுதி பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் இறுதி ஒப்பந்தத்தில் போய்ச் சேர்ந்தது. கர்நாடக விவசாயிகள் பெங்களூரில் தெருவில் இறங்கிப் போராடியதெல்லாம் 1992, 1993இல்தான். அதாவது மூட்டை கட்டியான பிறகு.

1993 டிசம்பர் 15 அன்று, டங்கலுக்குப் பின் வந்த பீட்டர் சதர்லண்ட் சுத்தியலைத் தட்டிப் பேச்சுவார்த்தையை முடித்தார். அந்தத் தேதி வந்த விதமும் வேடிக்கைதான். அமெரிக்க அதிபர் தன் நாடாளுமன்றத்துக்குத் தகவல் சொல்லக் கொடுக்கப்பட்ட கடைசி நாள் அது. ஒரு நாட்டின் உள்நாட்டுச் சட்டத்துக் கெடு எல்லா நாடுகளுக்கும் கெடுவானது. 1995 ஜனவரி 1 முதல் உலக வர்த்தக அமைப்பு வந்தது. மருந்துக் காப்புரிமையை நாம் முழுதாக அமல்படுத்த 2005 ஜனவரி வரை அவகாசம் கிடைத்தது.

புதிய அமைப்பின் சாசனத்தில் 9ஆம் ஷரத்துக்கு ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. பொடி எழுத்தில் இருந்தாலும் விஷயமே அங்கேதான். முடிவு எடுக்கும் கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்களில் யாரும் முறைப்படி ஆட்சேபிக்காவிட்டால் ஒருமித்த முடிவு ஏற்பட்டதாகக் கருதப்படும் என்பது அதன் சாரம். "வந்திருக்கும்" என்பதையும் "முறைப்படி" என்பதையும் தனித்தனியாகப் பாருங்கள். வராதவர் சம்மதித்தவர். வந்து முணுமுணுத்தவரும் சம்மதித்தவர். ஜெனீவாவில் ஓர் அலுவலகம் கூட இல்லாத சின்ன நாடுகள் அப்போது உறுப்பினர்களாக இருந்தன. அவர்கள் எந்தக் கூட்டத்துக்கு என்று ஓடுவார்கள்?

இனி நம் ஊர்க்காரர் வருகிறார். 2001 நவம்பரில் கத்தாரின் தோஹாவில் அமைச்சர்கள் மாநாடு. இந்திய வர்த்தக அமைச்சர் முரசொலி மாறன். முதலீடு, போட்டிக் கொள்கை, அரசுக் கொள்முதல், வர்த்தக நடைமுறைகளை எளிதாக்கல் என்ற நான்கு விஷயங்களையும் பேச்சுவார்த்தைக்குள் கொண்டுவரப் பணக்கார நாடுகள் துடித்தன. 1996இல் சிங்கப்பூர் மாநாட்டில் கிளம்பியதால் இவற்றுக்கு 'சிங்கப்பூர் விவகாரங்கள்' என்று பெயர். இந்த முறையும் பொதுக்குழுத் தலைவர் ஸ்டூவர்ட் ஹார்பின்சன் தன் பொறுப்பில் ஒரு வரைவைத் தயாரித்து அனுப்பியிருந்தார். வளரும் நாடுகளின் மறுப்பு அதில் அடைப்புக்குறியாகக் கூடத் தெரியவில்லை என்பது இந்தியாவின் புகார். டங்கல் கதை திரும்ப வந்துவிட்டது.

மாநாடு 13ஆம் தேதி முடிந்திருக்க வேண்டும். ஒரு நாள் நீட்டித்தார்கள். மாறன் அசையவில்லை. கடைசியில் கிடைத்தவை இரண்டே வார்த்தைகள். அடுத்த அமைச்சர் மாநாட்டில், எந்த முறையில் பேசுவது என்பதை "வெளிப்படையான ஒருமித்த கருத்தின்" பேரில் முடிவு செய்த பிறகே இந்த நான்கிலும் பேச்சுவார்த்தை என்று பிரகடனத்தில் எழுதினார்கள். அது போதாது என்று, மாநாட்டுத் தலைவரான கத்தார் அமைச்சர் யூசுப் ஹுசைன் கமால் முடிவு நாளில் தன் விளக்கத்தையும் பதிவு செய்தார். ஓர் உறுப்பினர் அந்த ஒருமித்த கருத்தில் சேரத் தயாராகும் வரை, பேச்சுவார்த்தை நகராதபடி தடுக்க அவருக்கு உரிமை உண்டு என்பது அந்த விளக்கம்.

"வெளிப்படையான" என்ற ஒரு சொல் என்ன செய்தது? மௌனத்தின் அர்த்தத்தையே மாற்றியது. பழைய விதிப்படி பேசாமல் இருந்தால் ஆமாம். இந்த நான்கு விஷயங்களில் மட்டும் பேசாமல் இருந்தால் இல்லை. சம்மதம் வேண்டும் என்பவர்தான் வந்து கேட்டு வாங்க வேண்டும். 10 வருடம் முன்பு டங்கல் மாற்றி வைத்த சுமையை மாறன் திரும்பப் பழைய தலைக்கே ஏற்றிவிட்டார்.

சட்டரீதியாக அது எவ்வளவு செல்லும் என்று அன்றைக்கே சிலர் கேலி செய்தார்கள். தலைவரின் விளக்கம் பிரகடனத்தின் பகுதி இல்லையே என்றார்கள். நடந்தது என்ன? 2003 செப்டம்பரில் மெக்சிகோவின் கான்கூன் மாநாடு இந்த விவகாரத்தில்தான் முறிந்தது. பல ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் சம்மதம் தரவில்லை, தராததை யாரும் தந்ததாகக் கருதவும் முடியவில்லை. 2004 ஆகஸ்ட் 1 அன்று நான்கில் மூன்றைத் தோஹா சுற்றிலிருந்து கைவிட்டார்கள். வர்த்தக நடைமுறைகளை எளிதாக்கல் மட்டும் மிஞ்சியது. மாறன் அதைப் பார்க்க இல்லை. கான்கூன் முடிந்த இரண்டே மாதத்தில், 2003 நவம்பர் 23 அன்று காலமானார்.

அதற்காக மௌனம் சம்மதம் என்ற விதியே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. காட் காலத்தில் ஒரு வழக்கில் தோற்ற நாடே தீர்ப்பை ஏற்கமாட்டேன் என்று கை தூக்கினால் தீர்ப்பு செத்துப்போகும். 1995க்குப் பிறகு விதியைத் தலைகீழாக்கினார்கள். நடுவர் குழு அறிக்கை, மேல்முறையீடு இல்லாவிட்டால், 60 நாட்களுக்குள் ஏற்கப்பட்டதாகிவிடும். தடுக்க வேண்டுமானால் எல்லோரும் சேர்ந்து, ஜெயித்த நாடும் உட்பட, வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதனால்தான் சின்ன நாடும் பெரிய நாட்டின் மீது தீர்ப்பு வாங்க முடிந்தது. ஆனால் மேல்முறையீட்டு உறுப்பினர்களை நியமிப்பதற்குப் பழைய ஒருமித்த கருத்து விதிதான். அமெரிக்கா ஒன்று மட்டும் தொடர்ந்து ஆட்சேபிக்க, 2019 டிசம்பரில் அங்கே ஒரே ஒருவர்தான் மிஞ்சினார். வழக்கு கேட்க மூவர் வேண்டும். அத்தோடு அந்த மன்றம் முடங்கியது.

ஆக, பார்க்க வேண்டியது மௌனம் எந்தப் பக்கம் எண்ணப்படுகிறது என்பதை. பழைய நிலையை விட்டுத்தர வேண்டியவரின் மௌனத்தைச் சம்மதம் என்று எண்ணினால் டங்கல் வரைவு. தோற்றவர் தடுப்பதை நிறுத்த எண்ணினால் தீர்ப்பு அமலாகும்.

எங்கள் நோட்டீஸுக்கு நானும் பதில் கொடுத்தேன். முழுவதையும் எதிர்க்கவில்லை. மீட்டர் வைக்கும் செலவை யார் ஏற்பது என்ற ஒரே பத்தியைக் குறிப்பிட்டு, அதற்கு மட்டும் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கும் வரை என் சம்மதத்தை எண்ண வேண்டாம் என்று எழுதி, நகலில் செயலாளரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டேன். முறைப்படி ஆட்சேபணை என்றால் அப்படித்தானே. அந்தப் பத்தி இப்போதைக்கு நிற்கிறது. மற்றவை 15ஆம் நாள் நிறைவேறிவிட்டன.