வால்வை எவ்வளவு மெதுவாக மூடுவது? வாட்டர் ஹேமர் கணக்கின் வரலாறு

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னகத்தின் முதல் பயணிகள் ரயில் பெரம்பூர் வழியாகத்தான் ஆற்காட்டுப் பக்கம் போனது. அந்தக் காலத்து எஞ்சினுக்கு எரிபொருளைவிட அடிக்கடி தேவைப்பட்டது தண்ணீர். ரயில் நிற்கும் சில நிமிடங்களுக்குள் ஆயிரக்கணக்கான லிட்டரை நிரப்ப வேண்டும் என்பதால், மேல்தொட்டியிலிருந்து வரும் தடித்த வார்ப்பிரும்புக் குழாயில் தண்ணீர் வேகமாக ஓடும். எஞ்சினின் தொட்டி நிரம்பியதும் வால்வைச் சடாரென்று மூடினால் மண்ணுக்கடியில் ‘டம்’மென்று இடிக்கும். சில சமயம் குழாயின் இணைப்பே விட்டுப்போகும்.

மெதுவாக மூடினால் இடி குறையும் என்பது அனுபவத்தில் தெரிந்ததுதான். எத்தனை நொடி என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்விக்கான விடை துண்டு துண்டாக வந்தது. இத்தாலியரான மெனப்ரியா 1858இல் இதை ஆராய்ந்தார். நெகிழும் குழாய்க்குள் அழுத்த அலையின் வேகம் என்ன என்பதை டச்சு அறிஞர் கோர்ட்டெவெக் 1878இல் கணக்கிட்டார். அதே ஆண்டில் மிஷோ என்பவர், வால்வு மெதுவாக மூடும்போது அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதற்கு ஓர் எளிய சூத்திரம் தந்தார். ஆனால் தெளிவு பிறந்தது மாஸ்கோவில். அந்நகரின் குடிநீர்க் குழாய்கள் வெடித்துக்கொண்டே இருந்ததால், நிக்கோலாய் ஜுகோவ்ஸ்கி 1897-98இல் அலெக்சியேவ்ஸ்கி நீரேற்று நிலையத்தில் நீண்ட குழாய்களைப் பதித்துச் சோதனை செய்தார்.

அவர் கண்டது இது. வால்வு மூடியதும் குழாயிலுள்ள தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் நிற்பதில்லை. வால்வை ஒட்டிய தண்ணீர் முதலில் நிற்கிறது. அதன்மேல் மோதி அடுத்தது, பிறகு அதற்கும் அடுத்தது. இந்த நிறுத்தம் இரும்புக் குழாயில் நொடிக்கு 1,000 மீட்டரும் அதற்கு மேலுமான வேகத்தில் பின்னோக்கி ஓடித் தொட்டியைத் தொடுகிறது. அங்கிருந்து அழுத்தத்தைத் தணிக்கும் அலையாகத் திரும்புகிறது. அந்த அலை வால்வுக்கு வந்து சேரும் முன்பே மூடி முடித்தால், முழு அடியும் விழும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடிய தண்ணீர் நின்றால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 முதல் 12 கிலோ அழுத்தம் கூடும். ஆகவே ‘சீக்கிரம்’, ‘மெதுவாக’ என்பதையெல்லாம் தீர்மானிப்பது குழாயின் நீளம்தான்.

இதன் பொருளை உணர, 2004இல் செயல்பாட்டுக்கு வந்த புதிய வீராணம் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். கடலூர் மாவட்டம் காடாம்புலியூரிலுள்ள அழுத்தம் தணிக்கும் தொட்டியிலிருந்து சென்னை போரூர் வரை, ஏறத்தாழ 200 கிலோமீட்டர், தண்ணீர் புவியீர்ப்பிலேயே வருகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். குழாயின் விட்டம் சுமார் 1.9 மீட்டர் என்று கொண்டால், நீரின் வேகம் நொடிக்கு முக்கால் மீட்டர்கூட இல்லை. ஆனால் அலை 200 கிலோமீட்டர் போய்த் திரும்பச் சுமார் 400 நொடி ஆகும். அதாவது போரூர் முனையில் வால்வை ஐந்து நிமிடம் எடுத்து மூடினாலும், அது சடாரென்று மூடியதற்குச் சமம். உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 75 மீட்டர் நீர்மட்டத்துக்கு ஈடான அழுத்தம் ஏறும். நீரின் வேகம் சீராகக் குறையும்படி அரை மணி நேரம் எடுத்துக்கொண்டால், மிஷோவின் சூத்திரப்படி அது 17 மீட்டருக்குள் அடங்கிவிடும்.

அந்தச் ‘சீராக’ என்ற நிபந்தனையில்தான் பலர் சறுக்குகிறார்கள். நீண்ட குழாயில் நீரைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் குழாயின் உராய்வு. அதனால் கேட் வால்வை முக்கால்வாசி இறக்கினாலும் ஓட்டம் அதிகம் குறையாது. கடைசிச் சில சுற்றுகளில்தான் தண்ணீர் உண்மையில் நிற்கிறது. முதற்பகுதியை வேகமாகவும் இறுதிப் பகுதியை மிக நிதானமாகவும் மூடும் இரண்டு கட்ட முறை இதனால் வந்தது.

மெதுவாக மூட அவகாசமே இல்லாத இடமும் உண்டு. 1932இல் இயங்கத் தொடங்கிய நீலகிரியின் பைகாரா மின்நிலையத்தில் தண்ணீர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கிப் பெல்டன் சக்கரங்களைச் சுழற்றுகிறது. மின்சுமை திடீரென விலகினால் சக்கரம் கட்டுமீறிச் சுற்றும். குழாயை உடனே அடைத்தாலோ குழாய் தாங்காது. பெல்டன் எந்திரங்களுக்குக் கண்ட வழி அழகானது: ஒரு தகடு குறுக்கே வந்து நீர்த்தாரையைச் சக்கரத்தில் படாமல் திருப்பிவிடும், ஓட்டம் நிற்பதில்லை. அதன்பிறகு முனையிலுள்ள ஊசி வால்வு நிதானமாக மூடிக்கொள்ளும்.

பெரம்பூரின் அடுக்குமாடி வீடுகளில் நிலைமை நேர்மாறு. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து 30 மீட்டர் ஜி.ஐ. குழாய் என்றால், அலை போய்வர நொடியில் இருபதில் ஒரு பங்கே ஆகும். கையால் திருகி மூடும் குழாய் எதுவும் அவ்வளவு வேகமல்ல. வாஷிங் மெஷினின் மின்காந்த வால்வோ அந்த நேரத்துக்குள் மூடிவிடக்கூடும். எந்திரம் தண்ணீர் எடுப்பதை நிறுத்தும் அதே கணத்தில் சுவருக்குள் ‘டக்’கென்று கேட்டால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக் குழாய் நெகிழ்வதால் அடி பெருமளவு குறையும். கிளாம்ப்பை இறுக்கினால் சத்தம் மட்டுமே குறையும். வால்வுக்கு அருகில் குழாயை மேல்நோக்கி நீட்டி முனையை அடைத்து, உள்ளே காற்றைத் தேக்கி வைப்பது பழைய வழி. அந்தக் காற்று சில மாதங்களில் தண்ணீரில் கரைந்துபோகும். இடி மறுபடி கேட்கத் தொடங்கினால், லைனை முழுவதும் வடித்துவிட்டு மீண்டும் நிரப்ப வேண்டும். காற்றையும் நீரையும் பிஸ்டனால் பிரித்து வைத்த அரெஸ்டருக்கு அந்த வேலை இல்லை. அதை வால்வுக்கு மிக அருகில் பொருத்த வேண்டும்; தள்ளிப்போனால் இடையிலுள்ள குழாய் அடியைத் தானே வாங்கிக்கொள்ளும்.