ஈ.சி.யில் 'வில்லங்கம் இல்லை' என்று வந்தால் போதுமா? மனை வாங்கும் முன் பட்டாவையும் ஏன் பார்க்கணும்?

முதன்முறையாக மனை வாங்க வருபவரிடம் புரோக்கர் முதலில் நீட்டுவது ஈ.சி.யைத்தான். "பாருங்க சார், வில்லங்கமே இல்ல" என்பார். அது பொய்யாக இருக்காது. ஆனால் முழுக் கதையும் அதில் இருக்காது.

ஈ.சி. எனப்படும் வில்லங்கச் சான்றிதழைத் தருவது பதிவுத்துறை. குறிப்பிட்ட சர்வே எண்ணில், நாம் கேட்கும் காலத்துக்குள், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான கிரயம், அடமானம், தானம் போன்ற பத்திரங்களின் பட்டியல் அது. பதிவு செய்யாத எதுவும் அதில் வராது. பட்டா வருவாய்த்துறையின் ஆவணம். நிலம் அரசுக் கணக்கில் யார் பெயரில் இருக்கிறது, உட்பிரிவு எண், பரப்பு, தீர்வை ஆகியவை அதில் இருக்கும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 1,200 சதுர அடி மனை, அதாவது சுமார் 2.75 சென்ட். விற்பவர் 2010 முதல் இன்று வரைக்கும் ஈ.சி. தருகிறார். ஒரு பதிவும் இல்லை. ஆனால் பட்டாவில் இருப்பது அவர் பெயர் இல்லை, இறந்துபோன அவருடைய அப்பா பெயர். 1990-ல் இருந்து ஈ.சி. போட்டுப் பார்த்தால், 1994-ல் அப்பா கிரயம் வாங்கிய ஒரே பதிவு மட்டும் வருகிறது.

அப்படியென்றால் மகனுக்கு மனை எப்படி வந்தது? ஒருவர் இறந்ததும் வாரிசுகளுக்குச் சொத்து சேருவதற்குப் பத்திரப்பதிவு தேவையில்லை. அதனால்தான் ஈ.சி. 'சுத்தமாக' இருக்கிறது. அப்பா உயில் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. மகன் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், கல்யாணமாகிப் போன இரண்டு அக்காக்கள் நாளைக்குப் பங்கு கேட்டு வழக்குப் போடலாம்.

இந்த இடத்தில் வாரிசு சான்றிதழைக் கேட்க வேண்டும். அதில் உள்ள எல்லோரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது மற்றவர்கள் மகனுக்கு விடுதலைப் பத்திரம் பதிந்து தர வேண்டும். விடுதலைப் பத்திரம் பதிவானால் அது ஈ.சி.யிலும் வரும். பட்டா மகன் பெயருக்கு மாறிவிட்டாலும் இந்தக் கேள்வியை விடக் கூடாது, ஏனென்றால் பட்டா மட்டுமே உரிமையை நிரூபிக்காது.

இன்னொரு இடத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். 112/3 என்ற நிலம் பிரிக்கப்பட்டு மனை இப்போது 112/3பி ஆக இருக்கலாம். புது எண்ணுக்கு மட்டும் ஈ.சி. போட்டால், பிரிப்பதற்கு முன் 112/3-ல் வைத்த அடமானம் கண்ணில் படாமல் போகலாம். பழைய எண்ணுக்கும் சேர்த்து, குறைந்தது 30 வருடத்துக்குப் போடுவது நல்லது.

ஈ.சி.யை tnreginet.gov.in தளத்திலும், பட்டாவை eservices.tn.gov.in தளத்திலும் வாங்குபவரே பார்க்கலாம். புரோக்கர் தரும் ஜெராக்ஸை நம்ப வேண்டியதில்லை.