பதிவு செய்த விரலையே போன் ஏற்க மறுப்பது ஏன்? ஈரமா, கிளாஸா, பதிவா... கண்டுபிடிப்பது எப்படி?

சம்பா நடவு நேரம். காலையில் இருந்து சேற்றில் நின்று நாற்று நட்டுவிட்டு, கரையேறி வந்து போனை எடுக்கிறார் ஒருவர். உரக்கடைக்குப் பணம் அனுப்ப வேண்டும். கட்டை விரலை வைக்கிறார், திறக்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கிறார், அப்பவும் திறக்கவில்லை. ஐந்து முறை தவறியதும், கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லி போன் பூட்டிக்கொள்கிறது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என டெல்டா முழுக்க நடவு, மழைக்காலத்தில் இது தினசரி தொல்லை. "சென்சார் போயிடுச்சு" என்று நினைத்துப் பலரும் கடைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் சென்சார் நல்லாத்தான் இருக்கும். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: விரலில் ஈரம், திரையில் ஒட்டிய கிளாஸ், இல்லையென்றால் முதல் நாள் விரலைப் பதிவு செய்தபோதே நடந்த கோளாறு. மூன்றையும் வீட்டிலேயே பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் உங்கள் போனில் எந்த சென்சார்?

பவர் பட்டனிலோ போனின் பின்பக்கத்திலோ விரல் வைத்தால், அது மின்சாரத்தை வைத்து ரேகையைப் படிக்கும் வகை. ரேகையின் மேடு சென்சாரைத் தொடும். பள்ளத்தில் காற்று இருக்கும். இரண்டுக்கும் உள்ள மின் வித்தியாசத்தைத்தான் போன் படமாக மாற்றுகிறது.

திரையிலேயே விரல் வைக்கும் போன் என்றால் இரண்டு வகை உண்டு. விரல் வைத்ததும் அந்த இடம் பளிச்சென்று எரிந்தால் அது ஒளியை வைத்துப் படம் எடுப்பது. அப்படி எரியாமல் திறந்தால், அநேகமாக அல்ட்ராசோனிக், அதாவது காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துப் படிப்பது. விலை அதிகமான போன்களில்தான் இது அதிகம்.

இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் ஈரம் அதிகம் பாதிப்பது முதல் வகையை. கிளாஸ் பாதிப்பது திரைக்குள் இருக்கும் வகைகளை.

காரணம் 1: ஈரம்

பட்டன் சென்சாருக்குப் பள்ளத்தில் இருக்கும் காற்றுதான் அடையாளம். விரல் ஈரமானால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிரம்பிவிடும். மின் குணத்தில் தண்ணீருக்கும் காற்றுக்கும் ஏறக்குறைய 80 மடங்கு வித்தியாசம். அதனால் மேடு எது, பள்ளம் எது என்றே சென்சாருக்குத் தெரியாது. ரேகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரே திட்டாகத்தான் தெரியும். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் செய்வது இதே வேலைதான்.

துடைத்த பிறகும் ஏன் திறப்பதில்லை? ரொம்ப நேரம் தண்ணீரில் இருந்தால் விரல் நுனி சுருங்கிவிடும் இல்லையா, அதுதான் காரணம். தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வரும் மடிப்பு அது. துணியால் துடைத்தால் ஈரம் போகும், சுருக்கம் போகாது. மடிப்பு விழுந்த தோலில் ரேகைகளுக்கு இடையே உள்ள தூரமே மாறியிருக்கும். போனைப் பொறுத்தவரை அது வேறு விரல்.

கண்டுபிடிப்பது சுலபம். காலையில் வீட்டில் இருக்கும்போது முதல் முறையே திறக்கிறது, வயலிலும் பாத்திரம் கழுவிய பிறகும் மட்டும் அடம்பிடிக்கிறது என்றால் பிரச்சினை ஈரம்தான். விரலையும் சென்சாரையும் இரண்டையுமே காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். பவர் பட்டன் ஓரத்தில் சேறு காய்ந்து படிந்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். விரல் சுருங்கியிருந்தால் அரை மணி நேரம் காய விடுவதுதான் ஒரே வழி. அவசரம் என்றால் விரலோடு மல்லுக்கட்டாமல் பின் நம்பரைப் போட்டுத் திறந்துவிடலாம்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. கதிர் அறுப்பு, செங்கல், சிமென்ட் வேலை செய்பவர்களுக்கு ரேகையே தேய்ந்து, தோல் வறண்டு இருக்கும். வறண்ட விரல் கண்ணாடியில் சரியாகப் படியாது என்பதால் ஒளி சென்சார் தடுமாறும். தேய்ந்த ரேகை தோலின் அடி அடுக்கிலிருந்து மறுபடி வளர்ந்து வரும். அதற்குச் சில வாரம் ஆகும். அதுவரை அதிகம் தேயாத விரலை, உதாரணமாக மோதிர விரலை, பதிந்து வைத்துக்கொள்ளலாம்.

காரணம் 2: டெம்பர் கிளாஸ்

திரைக்குள் இருக்கும் சென்சார், ஏற்கெனவே போனின் கண்ணாடி வழியாகத்தான் விரலைப் பார்க்கிறது. அதன் மேல் இன்னொரு கண்ணாடியை ஒட்டினால் பார்க்கும் தூரம் கூடுகிறது. ஒளி சென்சாருக்குப் படம் மங்கும். பக்கத்தில் இருப்பவர் பார்க்க முடியாதபடி கருப்பாகத் தெரியும் பிரைவசி கிளாஸ் போட்டால் ஒளியே குறைந்துவிடும்.

அல்ட்ராசோனிக் சென்சாருக்கு எதிரி காற்று. ஓரத்தில் மட்டும் பசை உள்ள கிளாஸில், நடுவில் மெல்லிய காற்று அடுக்கு நிற்கும். ஒலி அந்தக் காற்றைத் தாண்டாமல் அப்படியே திரும்பிவிடும். விரலை எத்தனை அழுத்தினாலும் பயன் இல்லை. முழுப் பரப்பிலும் திரவப் பசை ஊற்றி ஒட்டும் யூவி கிளாஸும், போனோடு ஒட்டிக்கிடக்கும் மெல்லிய பிலிமும் இந்த வகைக்கு ஓரளவு ஒத்துவரும்.

இதற்கான சோதனை ஒரே கேள்விதான்: எந்தத் தேதியில் இருந்து திறக்கவில்லை? கிளாஸ் மாற்றிய அன்றிலிருந்து, காய்ந்த விரலாக இருந்தும் எல்லா விரலும் தகராறு செய்தால் குற்றவாளி கிளாஸ். சென்சார் இருக்கும் இடத்தில் குமிழியோ கீறலோ இருக்கிறதா என்று சாய்த்துப் பாருங்கள். சாம்சங் போன்களில் Settings > Display பகுதியில் Touch sensitivity என்று ஒன்று இருக்கும். கிளாஸ் ஒட்டியவர்கள் அதை ஆன் செய்து பார்க்கலாம். அதன் பிறகு, புதுக் கிளாஸ் போட்ட நிலையிலேயே விரலை மறுபடி பதிய வேண்டும். பழைய பதிவு, கிளாஸ் இல்லாத திரையில் எடுத்த படம் என்பதை மறக்காதீர்கள்.

காரணம் 3: பதிவே கோளாறு

விரலைப் பதியும்போது போன் ஒரே ஒரு படம் எடுப்பதில்லை. எடுத்து எடுத்து வைக்கச் சொல்லி, துண்டு துண்டாகப் படித்து, அவற்றைச் சேர்த்து ஒரு கணக்குக் குறிப்பாகப் பூட்டி வைக்கிறது. பிறகு ஒவ்வொரு முறையும் அந்தக் குறிப்போடுதான் ஒப்பிடும். கடையில் புதுப் போன் வாங்கிய அவசரத்தில், வியர்த்த விரலை ஒரே கோணத்தில் வைத்துப் பதிந்திருந்தால் குறிப்பே அரைகுறை. விரலின் ஓரம் பட்டால் போனுக்கு அடையாளம் தெரியாது.

ஒரு விரல் மட்டும் அடிக்கடி தவறுகிறது, மற்ற விரல்கள் சரியாகத் திறக்கின்றன என்றால் அந்த ஒரு பதிவுதான் கெட்டது. சாம்சங் போனில் Check added fingerprints என்பதைத் தொட்டு விரலை வைத்தால், அது பதிவில் இருக்கிறதா என்று சொல்லிவிடும்.

தவறான பதிவு, திறக்காமல் போவதோடு நிற்காது. யாருக்கு வேண்டுமானாலும் திறந்துவிடவும் கூடும். 2019 அக்டோபரில் இது உலகச் செய்தியானது. பிரிட்டனில் ஒரு பெண், இணையத்தில் வாங்கிய மலிவான ஜெல் கவரை தன் சாம்சங் கேலக்ஸி எஸ்10 போனில் மாட்டிவிட்டு விரலைப் பதிந்தார். அதன் பிறகு அவர் கணவரின் விரலுக்கும் போன் திறந்தது. சில சிலிகான் கவர்களில் இருக்கும் மேடு பள்ள அச்சை, சென்சார் ரேகை என்றே எடுத்துக்கொண்டதாக சாம்சங் விளக்கியது. அதாவது, விரலோடு சேர்த்து கவரையும் பதிந்துவிட்டது. யார் விரல் வைத்தாலும் கவர் அதே கவர்தானே!

தென்கொரியாவின் ககாவோ வங்கி, கைரேகை வசதியை நிறுத்தி வைக்கும்படி வாடிக்கையாளர்களிடம் சொன்னது. அதே மாதம் சாம்சங் சாப்ட்வேர் அப்டேட் கொடுத்து, கவரைக் கழற்றிவிட்டு, பழைய ரேகைகளை எல்லாம் அழித்து, மறுபடி பதியச் சொன்னது. அதனால் கிளாஸ் ஒட்டிப் பதிந்த பிறகு ஒரு சோதனை அவசியம். பதியாத விரலையும், வீட்டில் இன்னொருவர் விரலையும் வைத்துப் பாருங்கள். திறந்தால் உடனே அந்த கிளாஸைக் கழற்றுங்கள்.

சரியாக மறுபதிவு செய்வது எப்படி?

முதலில் பின் நம்பரோ பேட்டர்னோ நினைவில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். அது இல்லாமல் ரேகை பகுதிக்குள்ளேயே போக முடியாது. பிறகு போனை அப்டேட் செய்து, பழைய ரேகைகளை அழியுங்கள்.

கையைக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு, நீங்கள் வழக்கமாகப் போனைப் பிடிப்பது போலவே பிடித்துக்கொண்டு விரலை வையுங்கள். மேசையில் வைத்துப் பதிந்தால் கோணம் மாறிவிடும். நடு, நுனி, இரண்டு ஓரம் என்று ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகர்த்துங்கள். அதிகம் பயன்படுத்தும் கட்டை விரலை இரண்டு முறை, தனித்தனியாகப் பதிய பல போன்கள் அனுமதிக்கும். அடுத்த கையில் ஒரு விரலையும் சேர்த்துக்கொண்டால், ஒரு கையில் சேறு இருந்தாலும் சமாளிக்கலாம்.

ஒரு விஷயத்துக்குப் பயப்பட வேண்டாம். மறுபதிவு செய்த பிறகு வங்கி ஆப், "ரேகை மாறியிருக்கிறது" என்று சொல்லிப் பழையபடி பாஸ்வேர்ட் கேட்கலாம். உங்களுக்குத் தெரியாமல் யாராவது புது விரலைச் சேர்த்திருந்தால் பணம் போகக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. யுபிஐ பின் நம்பர் மாறாது.

எப்போது கடைக்குப் போக வேண்டும்?

கிளாஸைக் கழற்றி, காய்ந்த விரலோடு பதிய முயன்றும் எந்த விரலும் பதியவில்லை என்றாலோ, ரேகை என்ற பகுதியே Settings-ல் காணவில்லை என்றாலோ அது சென்சார் பிரச்சினை. டிஸ்ப்ளே மாற்றிய பிறகு இப்படி ஆனால், புதுத் திரைக்கு ஏற்ப சென்சாரை அளவு சரி செய்யாமல் விட்டிருக்கலாம். பிக்சல் போன்களுக்கு கூகுள் இதற்கென்று தனி மென்பொருளே வைத்திருக்கிறது. மாற்றிய இடத்திலேயே அந்த வேலையை முடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ரேஷன் கடை ரேகைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கிடையாது. போனில் பதிந்த ரேகை போனைவிட்டு வெளியே போவதில்லை. ரேஷன் கடைக் கருவி ஒப்பிடுவது ஆதாரில் இருக்கும் ரேகையை. போனில் மறுபதிவு செய்வதால் அங்கே எதுவும் மாறாது. ஆனால் ஈரமும் தேய்மானமும் அங்கேயும் இதே பாட்டைத்தான் படுத்தும். நடவு முடித்த கையோடு நேராகக் கடைக்குப் போகாமல், விரலின் சுருக்கம் போன பிறகு போவது நல்லது. ஒரு விரல் ஏற்கவில்லை என்றால் அடுத்த விரலை வைத்துப் பாருங்கள். கார்டில் இருக்கும் இன்னொரு குடும்ப உறுப்பினரும் ரேகை வைக்கலாம். எந்த விரலும் சேரவே இல்லை என்றால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அங்கே போகும் நாளிலும் விரல் காய்ந்திருக்க வேண்டும்.