குவாண்டமாக்கல் இரைச்சல் விகிதம்: பிட் ஒன்றுக்கான உயர்வு

அனலாக்-டிஜிட்டல் மாற்றியில் ஒரு பிட் கூடும்போது சமிக்ஞைக்கும் குவாண்டமாக்கல் இரைச்சலுக்கும் இடையிலான திறன் விகிதம் நான்கு மடங்காகும், அதாவது 6.02 டெசிபெல் உயரும்.

N பிட் மாற்றி தன் முழு மின்னழுத்த வீச்சு V-ஐ 2^N படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படியின் அளவு Δ = V/2^N. உள்ளீடு மிக அருகிலுள்ள படிக்கு முழுமையாக்கப்படுவதால், பிழை −Δ/2 முதல் +Δ/2 வரை எங்கும் சம வாய்ப்புடன் அமைவதாகக் கொள்ளப்படுகிறது. அப்பிழையின் இருமடிச் சராசரி Δ²/12. இதுவே இரைச்சல் திறன். வீச்சு முழுவதையும் நிரப்பும் சைன் அலையின் திறன் V²/8. இரண்டையும் வகுக்க V நீங்கிவிடுகிறது:

(V²/8) ÷ (Δ²/12) = 1.5 × 2^(2N)

டெசிபெல்லில் இது 6.02N + 1.76. ஒரு பிட் கூடினால் Δ பாதியாகி இரைச்சல் திறன் கால்பங்காகிறது. 10 log₁₀ 4 என்பதே 6.02. சைன் அலைக்கே உரிய 1.76, வேறு அலைவடிவங்களுக்கு மாறும்.

12 பிட் மாற்றிக்கு உச்ச வரம்பு 74.0 டெசிபெல். சோதனையில் சமிக்ஞைக்கும் மொத்த இரைச்சல், உருக்குலைவுக்கும் உள்ள விகிதம் 68 டெசிபெல் எனில், (68 − 1.76)/6.02 = 11.0, ஒரு பிட் பயனற்றுப் போயிருக்கிறது.

சம வாய்ப்பு என்ற எடுகோளே இதன் வரம்பு. உள்ளீடு சில படிகளை மட்டுமே கடந்தாலோ, அதன் அதிர்வெண் மாதிரியெடுப்பு வீதத்தின் எளிய பின்னமாக இருந்தாலோ, பிழை சமிக்ஞையைப் பின்தொடரும்; நிறமாலையில் சீரான தளத்துக்குப் பதிலாகக் கூர்முனைகள் தெரியும். குவாண்டமாக்கிய சமிக்ஞைகளின் நிறமாலையை டபிள்யூ. ஆர். பென்னட் 1948இல் விரிவாக ஆராய்ந்தார்.