எந்த நாணயத்தில் பட்ட கடன்?

நம் கடற்கரை ஊர்களில் சபர் போகிறவர், புறப்படுமுன் கடன்படுவது பழைய வழக்கம். டிக்கெட்டுக்கு, குமரின் கலியாணத்துக்கு, ஒத்தி வைத்த வீட்டை மீட்பதற்கு என்று காரணங்கள் பல. கடன் நிற்பது ஊரில். அதை அடைக்கும் சம்பாத்தியம் வருவது கடலுக்கு அப்பால். இவ்விரண்டுக்கும் நடுவே நாணயத்தின் மதிப்பு மாறிவிட்டால் நஷ்டம் யாருடையது? இந்த வினா 1966ஆம் ஆண்டில் எவ்வாறு எழுந்தது என்பதை ஈண்டு நோக்குவோம்.

வளைகுடா நாடுகளில் அந்நாளில் வழங்கிய பணம் நம் ரூபாயே என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியார். தங்கக் கடத்தலால் இந்தியாவின் அந்நியச் செலாவணி கரைவதைத் தடுக்க, 1959இல் ரிசர்வ் வங்கி அந்நாடுகளுக்கென்றே தனி நிறத்தில் நோட்டுகளை வெளியிட்டது. ஆகவே அங்கே உழைத்தவருக்கும் ஊரில் கடன் கொடுத்தவருக்கும் கணக்கு ஒன்றாகவே இருந்தது. 1961இல் குவைத் தன் சொந்த தீனாரை வெளியிட்டது. ஒரு தீனார் ஒரு பவுனுக்குச் சமம். நம் பணத்தில் பதின்மூன்று ரூபாய் முப்பத்துமூன்று காசு. பெயர்தான் மாறியதேயன்றி மதிப்பு மாறவில்லை.

1966 ஜூன் 6ஆம் நாள் இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலர் ஒன்றுக்கு 4.76 ஆக இருந்தது 7.50 ஆயிற்று, பவுன் 21 ரூபாயை எட்டியது. குவைத் தீனாரும் அவ்வாறே.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். குவைத்தில் வேலை செய்யும் ஒருவர், அவ்வாண்டின் தொடக்கத்தில் ஊரில் 3000 ரூபாய் கடன் வாங்கினார் என்க. மாதம் 15 தீனார் மிச்சம் பிடித்தால் 200 ரூபாய். கடன் தீரப் பதினைந்து மாதம், 225 தீனார் ஆகும். மதிப்பு குறைந்தபின் அதே 15 தீனார் 315 ரூபாய். 143 தீனாரில், ஒன்பதரை மாதத்தில், கடன் தீர்ந்துவிடும். கடன்பட்டவருக்கு இது எதிர்பாராத இலாபம். கடன் கொடுத்தவருக்கோ எண்ணிக்கையில் குறைவில்லை. ஆனால் திரும்பி வந்த ரூபாய் தாம் கொடுத்த ரூபாயின் பலத்தோடு வரவில்லை.

இன்னொருவரைப் பார்ப்போம். அவர் குவைத்திலேயே ஊர்க்காரர் ஒருவரிடம் 90 தீனார் கைமாற்று வாங்கி, ‘ஊரில் என் வீட்டார் தந்துவிடுவார்கள்’ என்றார். இருவரும் மனத்தில் கொண்டது 1200 ரூபாய். ஜூனுக்குப் பின் 90 தீனார் 1890 ரூபாய். கொடுத்தவர் தீனாரைக் கேட்கிறார். வீட்டாரோ 1200ஐ எண்ணி வைக்கிறார்கள். எழுத்து இல்லை. சச்சரவின் வேர் இதுவே.

ஷரீஅத் இதை எவ்வாறு தீர்க்கிறது? இப்னு உமர் (ரலி) அவர்கள் பகீஇல் ஒட்டகங்களைத் தீனாருக்கு விற்றுத் திர்ஹமாகப் பெற்றுக்கொள்வார்கள். சில வேளை மறுதலையாகவும் செய்வார்கள். இது பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவியபோது, அன்றைய விலைப்படி பெற்று, பாக்கி வைக்காமல் பிரிந்தால் குற்றமில்லை என்ற கருத்தில் விடையளித்தார்கள். இதனைக் கொண்டு நோக்கினால், தீனாரில் பட்ட கடன் தீனாராகவே நிற்கும். ரூபாயில் தீர்த்தால் தீர்க்கும் நாளின் விலைதான் கணக்கு. ஆகவே 90 தீனாருக்கு 1890 தரவேண்டும். அன்றி, கொடுத்தவர் ஊரில் ரூபாயாகக் கொடுத்திருந்தால் 1200தான் கடன்.

ரூபாய்க் கடனில் ரூபாயே இளைத்துவிட்டால்? ஷாஃபிஈ மத்ஹபில் வாங்கியதற்கு ஒத்ததையே திருப்பவேண்டும்; மதிப்பு பார்ப்பதில்லை. ஹனஃபீ இமாம்களுள் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள், செப்புக் காசுகளின் விலை மாறினால் கடன்பட்ட நாளின் மதிப்பைக் கொடுக்கவேண்டும் என்றார்கள். திமிஷ்கின் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) இது பற்றித் தனி நூலே இயற்றினார்கள். நம் காலத்தில், 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, கடன் எந்த நாணயத்தில் நின்றதோ அதன் எண்ணிக்கையையே திருப்பவேண்டும், விலைவாசியோடு பிணைக்கலாகாது என்று தீர்மானித்தது. அவ்வாறு பிணைப்பது வட்டிக்கு வாசல் திறக்கும் என்ற அச்சம் எளிதில் தள்ளத்தக்கதன்று.

எனின், ஊரில் கொடுத்தவரின் நஷ்டத்துக்கு வழியே இல்லையா? உண்டு. பெருமானார் (ஸல்) இளம் ஒட்டகம் ஒன்றைக் கடன் வாங்கி, அதனினும் சிறந்ததைத் திருப்பித் தந்தார்கள். முன்னரே நிபந்தனை இடாமல், தீர்க்கும்போது கடன்பட்டவர் மனமுவந்து கூட்டிக் கொடுப்பது வட்டியன்று, அழகிய தீர்ப்பு. 143 தீனாரில் கடன் தீர்ந்தவரின் கையில் 82 தீனார் மிஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி, தம்மை நம்பிக் கொடுத்தவரின் வாசலுக்குப் போவதே முறை.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதச் சொல்லும் வசனம். எழுதும்போது தொகையை மட்டும் எழுதினால் போதாது; எந்த நாட்டு நாணயம் கைமாறிற்று என்பதையும் எழுதுவோமாக.